கிட்டே பாசி, தூரத்தில் ரம்பப் பல்

நாலுமூலை

இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். செங்கல் சுவர், அடியில் பாசி. எல்லோரும் செய்கிற வேலைதான்: ஒரே மெஷ், இரண்டு மெட்டீரியல், சிவப்புச் சானலில் வெர்டெக்ஸ் பெயின்ட், இரண்டின் ஹைட் மேப்பையும் மோதவிட்டால் எது உயரமோ அது ஜெயிக்கும். சுவர் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 25 செ.மீ.க்கு ஒரு வெர்டெக்ஸ். பக்கத்தில் நின்று பார்த்தால் பாசி சாந்து இடுக்குகளில் ஏறி, செங்கலின் முகத்தை விட்டுவைத்து, அவ்வளவு அழகு. நானே கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிவ்யூவில் லீட் கேமராவைப் பின்னால் இழுத்தார். 10 மீட்டர், சரி. 30 மீட்டர் போனதும் பாசியின் மேல் விளிம்பு முழுக்க ரம்பப் பல். ஒவ்வொரு பல்லும் ஒரு முக்கோணத்தின் சாய்வு. பச்சைக் காகிதத்தைக் கத்தரியால் வெட்டி ஒட்டியது போல இருந்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கேமராவை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை ஆட்டினார். கிட்டே வந்தால் இடுக்கு, தள்ளிப் போனால் பல். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பிக்சல்பித்தன்

இது எல்ஓடி பிரச்சினை நண்பரே. எனக்கும் அப்படியே நடந்தது. ஒரு பாறை, மேலே பனி. எல்ஓடி 1-க்கு மாறும்போது பனிக்கோடு ஒரு அடி கீழே குதிக்கும். குறைக்கப்பட்ட மெஷ்ஷில் நீங்கள் பெயின்ட் செய்த வெர்டெக்ஸே இருக்காது, பக்கத்தில் இருப்பதன் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும்.

நான் செய்வது என்னவென்றால், குறைக்கும்போது வெர்டெக்ஸ் கலருக்கு எடை கொடுத்துவிடுவேன், நிறம் மாறுகிற இடத்தில் விளிம்புகளை அது விட்டுவைக்கும். பெயின்ட் முடிந்த பிறகுதான் எல்ஓடி உருவாக்க வேண்டும், முன்னால் செய்தால் இரட்டை வேலை. முதல் எல்ஓடி பாதி முக்கோணங்களுக்குக் கீழே போகக் கூடாது. பெயர் வைக்கும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும், எங்கள் ஆபீசில் ஒருவர் `wall_final_final2` என்று வைத்துவிட்டுப் போய் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. அப்புறம் கோப்புறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை...

நாலுமூலை

அண்ணா, இந்தச் சுவருக்கு எல்ஓடியே கிடையாது. ஒரே மெஷ்தான்.

கடைசிபெஞ்ச்

வெர்டெக்ஸ் போதவில்லை, வேறொன்றும் இல்லை. 25 செ.மீ. எல்லாம் ஒரு அடர்த்தியா? 5 செ.மீ.க்கு வெட்டுங்கள், பல் மறைந்துவிடும்.

என் அனுபவம் வேறு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருபது சுவர்த் துண்டுகளை லெவலில் வைத்தான். காலையில் திறந்தால் ஊர் முழுக்கப் பச்சை. உச்சிவரை பாசி. பெயின்டே செய்யாத மெஷ்ஷுக்கு எஞ்சின் வெள்ளை என்று கொடுத்துவிடும், வெள்ளை என்றால் சிவப்பும் 1, எங்கள் ஷேடரில் 1 என்றால் பாசி. அன்றிலிருந்து 1 என்றால் செங்கல், 0 என்றால் பாசி என்று திருப்பி வைத்திருக்கிறேன். பையன் பாவம், தான்தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து மதியம்வரை வாயே திறக்கவில்லை.

நாலுமூலை

வெட்டிப் பார்த்துவிட்டேனே. 12 செ.மீ., பிறகு 6 செ.மீ. பல் சின்னதானது, எண்ணிக்கை கூடியது. சுறாவின் வாய்க்குப் பதில் எலியின் வாய். இரண்டு நாள் போனதுதான் மிச்சம்.

தூரிகை

வெர்டெக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். இடைவெளி பெரிதாக இருந்தால் பல் பெரிதாகத் தெரியும், அது உண்மை. ஆனால் கிட்டே இருக்கும்போது அதே 25 செ.மீ.தானே, அப்போது ஏன் பல் தெரியவில்லை? அங்கிருந்து யோசிக்க வேண்டும்.

நான் இதே குழியில் ஒரு மாதம் கிடந்தேன். என்னுடையது சேறும் கூழாங்கல்லும். ஒருநாள் ஹைட் மேப்பை மட்டும் திரையில் போட்டுக் கேமராவைப் பின்னால் இழுத்தேன். கொஞ்ச தூரத்தில் கூழாங்கல் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறம். அப்படியே கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஹைட் மேப்பும் ஒரு டெக்ஸ்ச்சர்தானே, அதற்கும் மிப் உண்டு என்பதே மண்டையில் ஏறாமல் இருந்திருக்கிறது.

உங்கள் சுவரையே எடுத்துக்கொள்வோம். செங்கலின் முகம் 0.85, சாந்து இடுக்கு 0.15, பாசி சராசரி 0.5 என்று வையுங்கள். நீங்கள் போட்டிருப்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்:

```
float a = hBrick + (1 - v);
float b = hMoss + v;
float m = max(a, b) - depth;
float wa = max(a - m, 0);
float wb = max(b - m, 0);
return (brick*wa + moss*wb) / (wa + wb);
```

இதில் v நீங்கள் பெயின்ட் செய்த சிவப்பு. இரண்டும் சமமாகிற v எது என்று பாருங்கள். இடுக்கில் 0.325, செங்கலின் முகத்தில் 0.675. நடுவில் 0.35 வித்தியாசம். பெயின்ட் 1 மீட்டர் உயரத்தில் 1-லிருந்து 0-க்கு இறங்குகிறது என்றால், இடுக்கில் பாசி செங்கலைவிட 35 செ.மீ. மேலே ஏறி நிற்கும். நீங்கள் ரசித்தது அந்த 35 செ.மீ.யைத்தான். முக்கோணத்தின் சாய்கோடு அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

இப்போது 30 மீட்டர். 90 டிகிரி கேமரா, 1080 திரை என்றால் சுவரின் ஒரு மீட்டருக்குச் சுமார் 32 பிக்சல். 1 செ.மீ. இடுக்குக்கு மூன்றில் ஒரு பிக்சல்கூட இல்லை. மிப்பில் முகமும் இடுக்கும் கலந்து, இடுக்கு பரப்பில் 15 சதவீதம் என்றால், எங்கும் 0.75. ஒரே உயரம். எனவே எல்லா இடத்திலும் ஒரே v-இல், 0.625-இல், பாசி முடிகிறது. உங்கள் `depth` 0.1 ஆக இருந்தால் மாற்றம் நடக்கும் பட்டை 10 செ.மீ., அதாவது 3 பிக்சல். v முக்கோணத்துக்குள் நேர்கோட்டில்தான் மாறும். அதன் 0.625 கோட்டை 3 பிக்சலில் கூர்மையாக வரைந்து காட்டினால் பல் வராமல் என்ன வரும்?

அதனால் தூரத்தில் `depth`-ஐ அகலப்படுத்துங்கள். இடுக்கு தந்த 0.35, ஏற்கனவே இருந்த 0.1, கூட்டினால் 0.45. கிட்டே 0.1, தூரத்தில் 0.45, நடுவில் மெதுவாக ஏற்றம். பாசி தூரத்தில் மங்கிப் படர்ந்தது போல் தெரியும். நிஜச் சுவரும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான்.

நாலுமூலை

`depth` 0.1-தான்! இரவே போட்டுப் பார்க்கிறேன்.

மழைக்காலம்

இதைப் படித்ததும் என் பழைய வேலை ஞாபகம் வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். பிளெண்டரில் பெயின்ட் செய்து FBX ஆக அனுப்பினேன். நான் தொடைவரை வைத்த பாசி எஞ்சினில் இடுப்புவரை நின்றது. தூரிகை சொன்ன அதே 0.325 எண்ணால்தான் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. எக்ஸ்போர்ட் பெட்டியில் Vertex Colors என்ற இடத்தில் sRGB இருந்தது. நான் 0.09 வைத்த இடம் 0.33 ஆகப் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு லேசாகத் தடவிய இடத்தில் எல்லாம் இடுக்கில் பாசி முளைத்துவிட்டது. Linear என்று மாற்றியதும் சரியானது. அதற்குள் நான் கையால் மூன்று சுவரை அழித்துத் திரும்பவும் பெயின்ட் செய்திருந்தேன்.

இன்னொன்று. பாசி ஏன் எல்லோருக்கும் அடியில் ஒரே மட்டத்தில் நிற்கிறது? எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் அது குழாய் ஒழுகுகிற இடத்தில் மேலிருந்து கீழே நாக்கு மாதிரி இறங்கும். பக்கத்திலேயே வெயில் படுகிற இடம் காய்ந்து கிடக்கும். எத்தனை ஷேடர் போட்டாலும், பெயின்ட் செய்த கை தண்ணீரை நினைக்காவிட்டால் அது வால்பேப்பர்தான்.

கடைசிபெஞ்ச்

தூரிகை சொன்ன கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 0.45 கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். பாசி ஹைட் மேப்பில் சில முடிச்சுகள் 0.9 இருக்கும். பெயின்டே இல்லாத இடத்தில், v சைபர், இடுக்கு 0.15: ஒரு பக்கம் 1.15, இன்னொரு பக்கம் 0.9. வித்தியாசம் 0.25 மட்டும். `depth` அதைத் தாண்டினால் தொடாத சுவரிலும் இடுக்கில் பச்சை கசியும். நான் ஒரு சுண்ணாம்புச் சுவரில் இந்தக் கசிவைப் பார்த்துவிட்டு அழுக்கு டெக்ஸ்ச்சர் என்று நினைத்துப் பாராட்டியிருக்கிறேன், வெட்கக்கேடு.

தூரிகை

கசியும், ஆனால் 0.45 இருக்கிற தூரத்தில் எல்லா உயரமும் சராசரியாகிவிடுமே. 1.75-க்கும் 0.5-க்கும் நடுவே எங்கே கசியும்? இடைப்பட்ட தூரத்தில் வேண்டுமானால் வரலாம். பயமாக இருந்தால் `wa`-ஐ `(1 - v)`-ஆலும் `wb`-ஐ `v`-ஆலும் பெருக்கிவிடுங்கள். சைபரில் பாசி கட்டாயம் சைபர்.

கடைசிபெஞ்ச்

பெருக்கினால் விளிம்பின் வடிவம் மாறும். இடுக்கில் பாசி கொஞ்சம் மெலியும்.

தூரிகை

கொஞ்சம் மாறும்தான். எனக்கு உறுத்தவில்லை.

பூச்சுவேலை

எனக்கு வேறு சந்தேகம். பாசி இடுக்கில் ஏறுவது சரி. நான் செய்வது பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர். இதே முறையில் போட்டால் பூச்சு இடுக்கில் மட்டும் மிஞ்சி, செங்கலின் முகம் முதலில் வெளியே வருகிறது. ஆனால் பூச்சு தகடு தகடாக அல்லவா பெயர்ந்து விழும்? செங்கல் ஹைட் மேப்பையே எடுத்துவிட்டு, பூச்சின் விரிசலை மட்டும் வைத்து முடிவு செய்தேன். விளிம்பு சரியாக வந்தது. ஆனால் உதிர்ந்த இடத்தில் செங்கல் துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

மழைக்காலம்

உதிர்ந்தாலும் சாந்து இடுக்கில் பூச்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். விளிம்புக்கு விரிசல், அதற்கு உள்ளே ஒரு சாண் வரை செங்கல் ஹைட். பச்சைச் சானல் சும்மாதானே இருக்கிறது, அதில் பெயின்ட் செய்யுங்கள்.

பிக்சல்பித்தன்

பூச்சுக்கு டீகால் போடலாமே. எல்ஓடி தொல்லையும் இல்லை.

நாலுமூலை

போட்டுப் பார்த்தேன். 30 மீட்டரில் பல் போய்விட்டது, பச்சை நிழல் மாதிரி இறங்குகிறது. லீட் இன்றைக்கும் கேமராவை ஆட்டினார், இரண்டே தடவை. ஆனால் 14, 15 மீட்டர் வாக்கில், இடுக்கு பாதி கரைந்து `depth` பாதி ஏறியிருக்கும் இடத்தில், சுவர் ஒரு நொடி ஈரத்துணி மாதிரி தெரிகிறது. அவர் கவனிக்கவில்லை. தூரத்துக்குப் பதிலாக மிப் எண்ணையே வைத்து `depth`-ஐ ஏற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கசிவு இருக்கிறதா என்று இன்னும் தேடவில்லை.