புதுப்பிப்பு: 'மராகேஷ்' பாட்டு கிடைத்துவிட்டது

முன்பு கேட்டது: "பீட்டில்ஸ் ஒத்திகைப் பதிவு ஒன்றில் லெனன் 'மராகேஷ்' போகும் வழி பற்றிப் பாடுகிறார். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷாஸாம் செயலி கைவிரித்துவிட்டது. என்ன பாட்டு?"

'ஜெலஸ் கை' என்றார் ஒருவர். மெட்டு அதேதான், ஆனால் அது 1971-ல் வேறு வரிகளோடு வந்தது. வரியைப் பிடித்தவர் இன்னொருவர். 1968-ல் வீட்டில் பதிவான 'சைல்ட் ஆஃப் நேச்சர்' பாட்டில் அந்த இடத்தில் 'ரிஷிகேஷ்' வரும். 1969 ஜனவரி ஒத்திகையில் அது 'மராகேஷ்' ஆனதாம். வீட்டுப் பதிவு 2018-ல் முறைப்படி வெளியானதால் ஒப்பிட்டுக் கேட்டேன், அதேதான். நடுவே வரும் 'பீப்' ஒத்திகையைப் படம்பிடித்த குழு ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்திய நாக்ரா டேப்புக்கு உரியது.

என்னிடம் உள்ள பதிவுத் துண்டில் டேப் எண் சொல்லும் குரல் வெட்டுப்பட்டிருக்கிறது, அதனால் தேதி இன்னும் பிடிபடவில்லை.