40 அடி காம்பவுண்ட் சுவர்: செங்கல்லா, ஃப்ளை ஆஷா, ஹாலோ பிளாக்கா?

கரிசல்காட்டான்: கோவில்பட்டி பக்கம் மனை. முன்பக்கம் மட்டும் 40 அடி நீளம், 5 அடி உயரத்துக்குச் சுவர் வேணும். கரிசல் மண். எந்தக் கல் போட்டா வெடிப்பு விடாது?

ராஜபாளையத்தான்: சூளைச் செங்கல்தான். எங்க தாத்தா கட்டின சுவர் இன்னும் நிக்குது. ஹாலோ பிளாக் உள்ளே வெத்து, ஒரு மாடு முட்டினா போச்சு. செங்கல் வீட்டுக்குள்ள குளிர்ச்சியும் தரும்.

சைட்_முருகன்: அண்ணே, காம்பவுண்டுக்கு எதுக்குக் குளிர்ச்சி? அந்த ஓட்டைதான் பிளாக்கோட வசதியே. 6 இஞ்ச் பிளாக்ல எட்டு, பத்து அடிக்கு ஒரு இடத்துல ஓட்டை வழியா கம்பி இறக்கி ஜல்லி காங்கிரீட் போட்டா, அதுவே தூண். 200 சதுர அடிக்கு 225 கல், உடைசலுக்கு ஒரு பதினஞ்சு சேர்த்துக்கங்க. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவருன்னா கிட்டத்தட்ட 2,000 கல். கலவையும் கூலியும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

ஆனா தம்பி, வெடிப்பை நிறுத்துறது கல் இல்ல. கரிசல் மழையில உப்பும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு வானத்தை நல்லா ஆழமா தோண்டி, மண்ணு மாறுற இடம் வரைக்கும் போங்க. தரை மட்டத்துல கம்பி போட்ட காங்கிரீட் பெல்ட் ஓட்டணும். அது இல்லேன்னா எந்தக் கல்லும் பிளக்கும்.

முத்துநகர்_செல்வி: எங்க தூத்துக்குடியில அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கு, ஃப்ளை ஆஷ் கல் தாராளம். அளவு ஒரே மாதிரி, கலவை மிச்சம். ஆனா எங்க சுவர்ல ரெண்டு வருஷத்துல பூச்சு பாளமா கழண்டுச்சு.

சைட்_முருகன்: வழவழப்பான முகம்மா. கல்லைக் காய்ஞ்சபடியே வச்சு, வரி இடுக்கைக் கீறாம பூசியிருப்பாங்க. லேசா நனைச்சு, சிமெண்ட் பாலை விளக்குமாத்தால தெளிச்சுட்டுப் பூசணும்.

முத்துநகர்_செல்வி: கீறினாங்க, நானே நின்னு பார்த்தேன். கழண்டது கீழ் ரெண்டு அடி மட்டும்தான்.

ராஜபாளையத்தான்: அப்போ உப்புத் தண்ணி. செங்கல்லுக்கும் அதே கதைதான், ஒத்துக்கறேன்.

கரிசல்காட்டான்: பிளாக்குன்னா எப்படிப் பார்த்து வாங்க?

சைட்_முருகன்: என் சைட்லயே பட்டது. வார்த்து அஞ்சு நாள் ஆன ஈரக் கல்லை இறக்கிட்டாங்க, அவசரத்துல கட்டிட்டோம். மூணாம் மாசம் இணைப்போட படிக்கட்டு மாதிரி கோடு. கல் காயும்போது சுருங்குது, சுவர் இழுத்துக்குது. பட்டறையில வார்த்த தேதி கேளுங்க, 28 நாள் தாண்டணும். ஒண்ணை உடைங்க, உள்ளே கறுத்து ஈரமா இருந்தா வேண்டாம். செங்கல் மாதிரி தண்ணியில ஊறப்போடாதீங்க.

ராஜபாளையத்தான்: ஓட்டையில காங்கிரீட் உண்மையிலேயே போட்டானான்னு யாரு பார்க்கிறது? கொத்தனார் ரெண்டு சட்டி போட்டுட்டு மூடிடுவான்.

சைட்_முருகன்: அதுக்குப் பதில் இல்ல அண்ணே. கூடவே நிக்கணும்.

கரிசல்காட்டான்: ஞாயித்துக்கிழமை வானம் தோண்டுறோம். மூணு அடியில இன்னும் கறுப்பாத்தான் இருந்தா?