உதவி: பயிற்சி ஆட்டத்தில் யார் பேசுவதும் புரியவில்லை

இளம்பரிதி:
நான்கு பேர் அணி அமைத்து இரண்டு வாரம் ஆகிறது. தனித்தனியாக நன்றாகவே சுடுகிறோம். பயிற்சி ஆட்டத்தில் எதிரணி நெருங்கினால் எல்லோரும் ஒன்றாகக் கத்துகிறோம். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் முடிந்துவிடுகிறது. நாளை மறுநாள் போட்டி. அவசரம்.

வேல்முருகன்:
எந்த விளையாட்டு? என்ன இயர்போன்? எதில் பேசுகிறீர்கள்?

செல்வி:
இணையம்தான் காரணம். எங்கள் அணியில் வைஃபையை மாற்றியதும் குரல் தெளிந்தது.

இளம்பரிதி:
பப்ஜி மொபைல், டிஸ்கார்ட். மூவருக்குப் புளூடூத் இயர்போன், எனக்குக் கம்பி. காலடி எனக்கு மட்டும் சரியாகக் கேட்கிறது.

பழைய_ஆட்டக்காரர்:
முதலிலேயே சொல்ல வேண்டியதை மூன்றாவது கேள்விக்குப் பிறகு சொல்கிறீர்கள். இங்கே பலமுறை எழுதிவிட்டேன்: புளூடூத் இயர்போனின் மைக் திறந்ததும் அது அழைப்பு முறைக்கு மாறும். பெரும்பாலானவற்றில் இடம் வலம் பிரியாத, தொலைபேசிப் பேச்சு போன்ற ஒலிதான் வரும். டிஸ்கார்ட் குரல் அறையை விட்டு வெளியேறிப் பயிற்சிக் களத்தில் நடந்து பாருங்கள். பக்கம் பிரிந்து கேட்டால் காரணம் இதுவே. மூவரும் மைக் உள்ள கம்பி இயர்போனுக்கு மாறுங்கள்.

செல்வி:
என்னுடையதில் கேமிங் மோட் இருக்கிறதே?

பழைய_ஆட்டக்காரர்:
அது தாமதத்தைக் குறைக்கும். மைக் திறந்தால் ஒலி சுருங்குவதை அது தடுக்காது.

செல்வி:
எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. எல்லா இயர்போனும் ஒன்றல்ல.

வேல்முருகன்:
கத்தலுக்குக் கம்பி மருந்தல்ல. முடிவு சொல்ல ஒருவரை வையுங்கள். கண்டவர் சொல்வது மூன்றே: திசைகாட்டி எண், இடம், எத்தனை பேர். “210, சிவப்புக் கூரை, இருவர்.” அதன்பின் தலைவர் “சுற்று” அல்லது “பின்வாங்கு” என்பார். “அங்கே”, “இடப்பக்கம்” வேண்டாம். உங்கள் இடப்பக்கம் இன்னொருவருக்கு வலப்பக்கமாக இருக்கும். நீங்கள் விலகி நின்றால் 210 கூட ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டும், அப்போது கட்டடத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். இறந்தவர் தன்னைச் சுட்டவன் இருந்த இடத்தை ஒருமுறை சொல்லிவிட்டு மைக்கை மூடட்டும்.

கார்த்தி:
நாங்கள் மொபைல் லெஜண்ட்ஸில் ஐந்து பேர். திசை எண்ணே சொல்வதில்லை, சிறு வரைபடத்தைப் பார்த்து “கீழ்ப் பாதையில் ஆள் இல்லை” என்றால் போதும். எங்கள் ஜங்கிளர்தான் தலைவர்.

பழைய_ஆட்டக்காரர்:
கேள்வி பப்ஜி பற்றியது. இதில் முன்னால் பாய்ந்து சுடுபவரைத் தலைவராக்கக் கூடாது. முதலில் விழுபவர் அவரே.

வேல்முருகன்:
ஒப்பவில்லை. சண்டை எப்போது தொடங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பின்னால் நிற்பவர் சொல்லும்போது பாதி நேரம் தாமதமாகிவிடுகிறது.

பழைய_ஆட்டக்காரர்:
அவர் விழுந்ததும் மீதி மூவர் யாரைக் கேட்பார்கள்?

வேல்முருகன்:
அடுத்தவர் யார் என்பதை முன்பே பேசி வைத்தால் போதும்.

இளம்பரிதி:
சோதித்தோம். அறையை விட்டு வெளியேறியதும் மூவருக்கும் பக்கம் பிரிந்து கேட்டது. இருவர் கம்பிக்கு மாறிவிட்டார்கள், மூன்றாமவரின் போனில் இயர்போன் துளை இல்லை. இறந்தவர் இன்னும் பேசுகிறார். பயிற்சிக்குப் போகிறேன்.

வேல்முருகன்:
அவருக்கு டைப்-சி இயர்போன் வாங்குங்கள். தலைவர் யார் என்று சொல்லவே இல்லையே?