பொருந்தாத படம் எது? மகன் முக்கோணம் என்கிறான், விடை இணைகரம் என்கிறது

செல்வி_8ஆம்வகுப்பு:
மகன் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான். மனத்திறன் பகுதிக்கான பயிற்சித்தாளில் வந்த கேள்வி இது. நான்கு படங்களிலும் நடுவே ஒரு கோடு, ஒரு பக்கம் மட்டும் நிழல்.

அ) சமபக்க முக்கோணம், உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு
ஆ) சதுரம், மூலைவிட்டம்
இ) இணைகரம், மூலைவிட்டம்
ஈ) ஒழுங்கு அறுங்கோணம், எதிரெதிர் முனைகளைச் சேர்க்கும் கோடு

பக்கங்களை எண்ணினால் 3, 4, 4, 6. முக்கோணத்துக்கு மட்டும்தான் ஒற்றைப்படை, அதனால் (அ) என்று எழுதிவிட்டான். விடைப்பட்டியலில் (இ). ஏன் என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரயில்சிநேகிதன்:
பையன் சொன்னதுதான் சரி. விடைப்பட்டியலில் அச்சுப்பிழை இருக்கும். இணைகரத்துக்கும் இரண்டு மூலைவிட்டமும் சமச்சீர் கோடுதானே, இரண்டு பாதியும் ஒரே அளவு. அதை எப்படித் தனியாகப் பிரிப்பார்கள்?

கரும்பலகை:
இரண்டு பாதியும் ஒரே அளவு என்பது சரி. ஆனால் அது மட்டும் போதாது, கோட்டில் மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒரு தாளில் இணைகரம் வெட்டி மூலைவிட்டத்தில் மடித்துப் பாருங்கள், முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பாதியைத் தனியாக வெட்டி அரைச்சுற்று திருப்பி வைத்தால்தான் பொருந்தும். இணைகரத்துக்குச் சமச்சீர் கோடே கிடையாது. முக்கோணத்துக்கு 3, சதுரத்துக்கு 4, அறுங்கோணத்துக்கு 6.

செல்வி மேடம், தேர்வில் மடிக்க முடியாது. கோடு ஒரு முனையில் தொடங்கினால், அங்கே சேரும் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். நீளம் வேறு வேறாக இருந்தால் அது சமச்சீர் கோடு இல்லை.

ஜெராக்ஸ்_ராணி:
என் மகளுக்கும் இப்படித்தான் ஆச்சு. வட்டத்தை எட்டாகப் பிரித்து, சில பகுதி முழுக் கறுப்பு, சில பகுதி கோடு கோடாக நிழல். ஜெராக்ஸில் எல்லாமே கறுப்பாகிவிட்டது, நாங்கள் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். முதலில் அசல் தாளைப் பாருங்க அக்கா.

செல்வி_8ஆம்வகுப்பு:
இது ஜெராக்ஸ் இல்லைங்க, அச்சடித்த தாள்தான்.

கரும்பலகை சார், ஸ்கேல் வைத்து அளந்தேன். இணைகரத்தில் ஒரு பக்கம் 4 செ.மீ., அடுத்தது 2.5. நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் இப்போது மகன் வேறொன்று கேட்கிறான்: நிழலையும் சேர்த்துத்தானே சமச்சீர் பார்க்க வேண்டும்? கோட்டில் மடித்தால் கறுப்பின் மேல் வெள்ளைதானே விழுகிறது, அப்போது எந்தப் படத்துக்குமே அது சமச்சீர் கோடு இல்லையே?

கரும்பலகை:
நல்ல கேள்வி, பல ஆசிரியர்களே இங்கே தடுமாறுவார்கள். நிழலையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்போம். சதுரத்தில் போட்டிருக்கும் கோடு அடிபடும், ஆனால் அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு மூலைவிட்டம் தப்பிக்கும்: அதில் மடித்தால் கறுப்பு கறுப்பிலும் வெள்ளை வெள்ளையிலும் விழும். அறுங்கோணத்திலும் அதேபோல, போட்ட கோட்டுக்குச் செங்குத்தாக நடுவே போகும் ஒரு கோடு மிஞ்சும். முக்கோணத்தில் ஒன்றும் மிஞ்சாது, இணைகரத்திலும் மிஞ்சாது. ஆக 0, 1, 0, 1. இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் தனித்த படம் கிடைக்காது, அந்த வழியை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

நிழல் எல்லாப் படத்திலும் சரிபாதி, அதனால் நிழலின் அளவும் உதவாது. மிஞ்சுவது வெளி வடிவமும் அந்தக் கோடும். மூன்றில் கோடு வடிவத்தின் சமச்சீர் கோடு, இணைகரத்தில் மட்டும் இல்லை. அதனால்தான் (இ).

ரயில்சிநேகிதன்:
சரி, மடித்துப் பார்த்தேன், இணைகரம் விஷயத்தில் நான் தப்பு. ஆனால் ஒற்றைப்படைப் பக்கம் என்ற விதியும் ஒரே ஒரு படத்தைத்தானே பிரிக்கிறது? அதை எந்த நியாயத்தில் ஒதுக்குவீர்கள்?

கரும்பலகை:
முழுசாக ஒதுக்க முடியாது. என் கணக்கு இதுதான்: பக்கங்களை எண்ணுவதற்கு நடுக்கோடும் நிழலும் தேவையே இல்லை. நான்கு படத்திலும் மெனக்கெட்டு ஒரு கோடு போட்டிருக்கிறார் என்றால், கேள்வி அந்தக் கோட்டைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வேன். அதே நேரம் கேள்வி தயாரித்தவர் கவனக்குறைவாக விட்டிருக்கிறார். அறுங்கோணத்துக்குப் பதில் ஒழுங்கு ஐங்கோணம் வைத்து, ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு போட்டிருந்தால் 3, 4, 4, 5 ஆகியிருக்கும். ஒற்றை இரண்டு, இரட்டை இரண்டு, இந்த ஒற்றைப்படைச் சண்டை வந்திருக்காது.

ரயில்சிநேகிதன்:
அப்படியென்றால் பையனுக்கும் மதிப்பெண் கொடுக்கணும் சார். கோடு எதற்குப் போட்டார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஊகிக்க வேண்டுமா?

செல்வி_8ஆம்வகுப்பு:
இங்கேயும் அதே சண்டைதான். (இ) ஏன் என்று புரிந்துவிட்டது என்கிறான், ஆனால் (அ)வை அடிக்க மாட்டானாம். ஐங்கோணம் வைத்து அவனே ஒரு தாளில் வரைந்துகொண்டிருக்கிறான், நாளைக்கு வகுப்பில் சாரிடம் காட்டப் போகிறானாம்.