பெல்ட் தாங்கியது, இறக்க ஆளில்லை: மரமேறிகளின் அனுபவப் பகிர்வு

வாழப்பாடி, மரமேறியின் தம்பி:
சென்ற ஆடி மாதம் என் அண்ணன் 40 அடித் தென்னையின் மண்டைக்குக் கீழே பெல்ட்டில் தொங்கினார். மரமேறும் மெஷினில் உச்சிக்குப் போனவர், ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு குலையை எட்டி வெட்டினார். பச்சையாகத் தெரிந்த மட்டைதான், ஆனால் பன்னாடையோடு பிய்ந்து வந்துவிட்டது. ஒரு கால் மிதியிலிருந்து நழுவியது. மரத்தைச் சுற்றியிருந்த கயிறு சறுக்கி, மெஷினில் முட்டி நின்றது. தோள்பட்டை பிசகியதால் அவரால் எழும்ப முடியவில்லை. என்னிடம் இருந்தது 20 அடி ஏணி. பக்கத்துத் தோப்பிலிருந்து இன்னொரு மரமேறி வந்து, தளை போட்டு ஏறி, கயிறு கட்டி இறக்க 25 நிமிடம் ஆயிற்று. அது இடுப்பு பெல்ட். மற்றொரு கால் மிதியில் இருந்ததால்தான் மூச்சு விட முடிந்தது என்று அண்ணன் சொல்கிறார். அந்த 25 நிமிடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

ஓமலூர், தென்னை விவசாயி:
எங்கள் தோப்பில் 45 நாளுக்கு ஒரு வெட்டு. இப்போது 70 நாள் ஆகியும் ஆள் வரவில்லை. அந்த மெஷினை நானே வாங்கி ஏறலாமா? பழக எத்தனை நாள் ஆகும்?

ஆத்தூர், 26 ஆண்டுகளாக மரமேறுகிறவர்:
விவசாயி ஐயா, நீங்கள் ஏறுவதைவிட ஏறுகிறவருக்குக் கீழே கயிறு பிடிப்பது நல்லது. எப்படி என்று சொல்கிறேன்.

தம்பி, விழுந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். இறக்கும் கயிறு அவரோடு மேலே போக வேண்டும். மெஷினை விட்டு மண்டைக்கு மாறும் அந்த நேரம்தான் பொல்லாதது. அங்கே மரம் சிறுத்திருக்கும், மெஷின் வளையம் தளர்ந்து சாயும், கை மட்டையைத் தேடும். ஆகவே அங்கே போனதும், மட்டைகளுக்குக் கீழே தண்டைச் சுற்றி இரண்டு சுற்று நாடா போட்டு, அதில் இரும்புக் கொக்கியை மாட்டிவிடுவேன். மட்டையில் ஒருபோதும் கட்ட மாட்டேன். நெஞ்சிலும் தொடையிலும் பட்டை உள்ள முழு பெல்ட்டிலிருந்து கயிறு கிளம்பி, அந்தக் கொக்கி வழியாகக் கீழே வந்து, அடுத்த தென்னையின் அடியில் மூன்று சுற்று சுற்றியிருக்கும். நுனியை ஒருவர் பிடித்திருப்பார். நான் நழுவினாலும் அந்தச் சுற்றுகள் என் பாரத்தை இழுத்துப் பிடிக்கும். அவர் மெல்ல விட்டால் நான் இறங்கிவிடுவேன். 40 அடி மரத்துக்கு மேலே போக 40, கீழே வர 40, அடுத்த மரத்துக்கு 20 என்று 100 அடியாவது வேண்டும். கயிறு கொக்கியில்தான் ஓட வேண்டும். நைலான் நாடாவின் மீது நைலான் கயிறு தேய்ந்தால் சூட்டில் உருகி அறுந்துவிடும்.

ஏற்காடு, எஸ்டேட்டில் கவாத்து செய்பவர்:
எங்களுக்குச் சில்வர் ஓக். தண்டு முழுக்க மிளகுக்கொடி இருப்பதால் மெஷின் ஏறாது. கண்ணேணியைச் சாய்த்து, தலைப்பை மரத்தோடு கட்டித்தான் ஏறுகிறோம். மழைக்கு முன் கிளை கழிக்கும்போது என் கூட்டாளி தன் இடுப்புக் கயிற்றையே அரிவாளால் வெட்டிவிட்டார். கீழே காப்பிச் செடி இருந்ததால் இடுப்பெலும்பு முறிவோடு உயிர் பிழைத்தார். அதிலிருந்து வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டாவது கயிறு இல்லாமல் அரிவாளை எடுப்பதில்லை. சரிவில் போனில் சிக்னல் கிடையாது. எந்த வளைவில் நின்றால் 108 கிடைக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறோம்.

சேலம், முதலுதவி கற்றவர்:
தொங்கியவரை இறக்கியதும் படுக்க வைக்கக் கூடாது, அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். இரத்தம் ஒரேயடியாக நெஞ்சுக்குப் பாயும்.

சேலம், செவிலியர்:
அப்படித்தான் எங்களுக்கும் முன்பு சொன்னார்கள், இப்போது அது கைவிடப்பட்டுவிட்டது. மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று பாருங்கள். உட்கார வைத்தால் மூளைக்கு இரத்தம் குறையும். தொங்கும்போது நினைவு இருந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஒரு கயிற்று வளையத்தில் மிதித்து நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. தரையில் விழுந்தவரைத் தோளில் தூக்கவோ பைக்கில் உட்கார வைக்கவோ வேண்டாம். கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

வாழப்பாடி, மரமேறியின் தம்பி:
நன்றி அக்கா. அண்ணனிடம் தளை இருந்தது, மிதித்து நிற்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆத்தூர் அண்ணா, ஒரு சந்தேகம். இறக்கும் கயிறு இருந்தாலும், மரத்தைச் சுற்றிய சின்னக் கயிற்றில் அவர் தொங்கினால் கீழே விட முடியாதே?

ஆத்தூர், 26 ஆண்டுகளாக மரமேறுகிறவர்:
சரியாகப் பிடித்துவிட்டாய். அதனால் கொக்கி மாட்டி, கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கிய பிறகு நான் சின்னக் கயிற்றைக் கழற்றிவிடுகிறேன். அப்போது ஒரே கயிறுதான் காப்பு. ஏற்காட்டுக்காரர் ஒப்ப மாட்டார், அவர் சொல்வதும் நியாயம். கழற்றாமல் வைத்தால், இன்னொருவர் ஏறி, இறக்கும் கயிறு இறுகியதைப் பார்த்துவிட்டுச் சின்னதை அறுக்க வேண்டும். தனி ஆளாகப் போகும் நாளில் இரண்டுமே நடக்காது. அண்ணனுக்குத் தோள் ஆறியதும் ஒரு ஞாயிறு இங்கே வாருங்கள். பத்தடி உயரத்தில் தொங்கவிட்டு இரண்டையும் செய்து பார்ப்போம்.