சொல் வேண்டும்: டிஜிட்டல் நேட்டிவ்

வாசுகி:
ஆசிரியர்களுக்கான கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். "டிஜிட்டல் நேட்டிவ்" என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். 2001இல் மார்க் பிரென்ஸ்கி பரப்பிய சொல். கணினி, வீடியோ விளையாட்டு, இணையம் இவற்றின் மொழியைப் பிறந்ததிலிருந்தே பேசுகிறவர்கள் இன்றைய பிள்ளைகள் என்றார். பிந்திப் பழகிய எங்களுக்கு "இமிகிரன்ட்" என்று பெயர் வைத்தார். எங்களுடைய பேச்சில் பழைய ஊர்ச் சாயல் போகாதாம், மின்னஞ்சலை அச்செடுத்து வாசிப்பது அப்படியொரு சாயலாம். சோடியாக "இலக்கமுறைப் பூர்வீகர்", "இலக்கமுறை வந்தேறி" என்று போட்டுப் பார்த்தேன். கட்டுரையோ இந்தப் பிரிப்பே பொய் என்கிறது. என்ன செய்யலாம்?

ராஜரட்ணம்:
பிள்ளை, ஒரு வகைப் போனுக்கென்றே எழுதும் செயலிதானே நேட்டிவ்? "இயற்செயலி" போதும்.

வாசுகி:
ஐயா, இது செயலி இல்லை, ஆள்!

சிவகுமார்:
வந்தேறி மட்டும் வேண்டாம் அக்கா. எங்கள் தாத்தா தோட்டத்திலேயே பிறந்தவர். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் காட்ட ஒரு கடதாசியும் இல்லாமல் இருந்தார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் வசை. "குடிவந்தோர்" என்று வைக்கலாம். மற்றப் பக்கத்துக்குக் "குடிப்பிறந்தோர்" என்று எழுத வந்தது. குறள் ஞாபகம் வந்ததும் அழித்துவிட்டேன், நற்குடியில் பிறந்தவர் என்றாகிவிடுமே.

பொய் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்தது போனோடு, கணினியோடு இல்லை. வீட்டில் ஒரு லேப்டொப் இருந்தால் தானாக வந்துவிடும்.

சாந்தினி:
வெள்ளவத்தையில் சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், சிவா. அந்தப் பிள்ளையின் வீட்டில் லேப்டொப் இருக்கிறது. வீடியோ வெட்டி ஒட்டி இசை சேர்ப்பதில் எனக்கே படிப்பிப்பாள். வகுப்புக் குழுவில் `marks.xlsx` அனுப்பி 40 பேரின் புள்ளிகளை நிரப்பச் சொன்னேன். லேப்டொப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பைலைக் கிளிக் பண்ணி இறக்கி, நிரப்பி, சேவ் பண்ணியிருக்கிறாள். அதுவரை எல்லாம் சரி. அடுத்த நாள் சரிபார்க்க வாட்ஸ்அப்புக்கே போய் அதே செய்தியைத் திரும்பக் கிளிக் பண்ணினாள். பைல் வெறுமை. "மிஸ், எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழுகை. மறுபடி 40 பேரையும் நிரப்பினாள், மூன்றாம் நாளும் அதே கதை.

பைல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "வாட்ஸ்அப்பில." டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து காட்டினேன்:

```
marks.xlsx
marks (1).xlsx
marks (2).xlsx
```

முதல் இரண்டிலும் அவள் நிரப்பியது அப்படியே இருந்தது, கடைசி வெறுமை. ஒவ்வொரு கிளிக்கும் புதுப் பிரதியை இறக்குகிறது, பெயர் மோதாமல் அடைப்புக்குள் எண் போடுகிறது. செய்தியில் இருப்பது நான் அனுப்பிய மூலம், அது மாறவே மாறாது. கடைசியாக மாற்றிய நேரத்தைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அப்படி ஒரு நிரல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. போனில் படம் என்றால் கலரிக்குள், பாட்டு என்றால் பாட்டுச் செயலிக்குள். பைலுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு பைலுக்குப் பல பிரதி உண்டு என்று நினைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

கணினி நிறைந்த நாடுகளிலும் இதுதான் கதை. ICILS என்ற சர்வதேச ஆய்வு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியிலேயே வேலை கொடுத்துப் பார்க்கிறது. 2018இல் டென்மார்க், ஜெர்மனி, கொரியா எல்லாம் இருந்தன. சராசரியாக 2 சதவீதம்தான் உச்ச மட்டம். கூடக் காலம் கணினி பாவித்தவர்களின் புள்ளி கொஞ்சம் கூட, அந்தளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் "தானாக" என்பதுதான் இல்லை.

ராஜரட்ணம்:
இப்போது விளங்கியது. அந்த மனிதர் ஊரைச் சொல்லவில்லை, தாய்மொழியைச் சொல்கிறார். அப்படியானால் "இலக்கத் தாய்மொழியர்". தமிழில் இந்தச் சொல் தன்னைத் தானே கவிழ்க்கும், பாருங்கள். வீட்டில் தமிழ் கதைத்து வளர்ந்த பிள்ளை ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதட்டும். ளகர ழகரம் ஒருபக்கம் இருக்க, வாக்கியத்தையே எப்படி முடிப்பது என்று தெரியாது. பேச்சு தானாக வந்தது, எழுத்தைப் பள்ளிக்கூடத்தில்தான் பழக்கினார்கள். சாந்தினியின் பிள்ளையும் கதைக்கத் தெரிந்தவள்.

சிவகுமார்:
வாதம் பிடித்திருக்கிறது ஐயா, சொல் வாயில் நுழையவில்லை. சோடிக்கு "இலக்க இரண்டாம்மொழியர்" என்றா எழுதுவது? பேசாமல் "திரையோடு வளர்ந்தோர்" என்று உண்மையையே சொல்லிவிடலாமே.

வாசுகி:
அதில்தான் சிக்கல். "திரையோடு வளர்ந்தோர் என்பது பொய்" என்று எழுத முடியாது, அவர்கள் வளர்ந்தது திரையோடுதான். பிறப்பாலே வல்லவர் என்ற உரிமைகோரல் சொல்லுக்குள் இருந்தால்தான் கட்டுரை அதை மறுக்க முடியும். சூரியன் உதிப்பதில்லை என்பதற்காக உதயத்தை யாரும் மாற்றவில்லையே. பிரென்ஸ்கி வரும் இடங்களில் தாய்மொழியர், பிள்ளைகளைப் பற்றிய இடங்களில் சிவாவின் சொல் என்று அனுப்பப் போகிறேன். இமிகிரன்ட்டுக்கு இப்போதைக்குக் "குடிவந்தோர்". சோடி சேரவில்லை, தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ராஜரட்ணம்:
இந்த இழையை முழுதாக அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு வாசித்தேன். பிள்ளை "இலக்கமுறை" என்று தொடங்கினீர்கள், நான் "இலக்க" என்றேன், யாரும் கேட்கவில்லை. எது?