கேலரி வியூ, ரெசல்யூஷன்: தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

ஜெயந்தி, கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சிறு தேயிலை விவசாயிங்க சனிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல கூடறோம்ல, அதுக்கு ஒரு பக்கத்துல தமிழ்க் குறிப்பு எழுதிக்கிட்டு இருக்கேன், வீடியோவுக்கு நெட்டு கம்மியா செலவாக எதை எதை மாத்தணும்னு. போன தடவை அனுப்புன குறிப்புல "காணொளித் தரத்தைக் குறைக்கவும்"னு ஒத்தை வரிதான் போட்டிருந்தேன். அதைப் படிச்சுட்டு பாதிப் பேரு அவங்கவங்க கேமராவக் குறைச்சுட்டாங்க, ஆனா அவங்க சொன்ன கஷ்டம் என்னன்னா மத்தவங்க முகம் அப்படியே நின்னு போகுது, குரல் மட்டும் வருதுங்கறதுதான், அதுக்கு அவங்க கேமராவக் குறைச்சு என்ன ஆகப்போகுது. தப்பு அவங்க மேல இல்ல, நான் போட்ட சொல்லு மேலதான்.

உதாரணத்துக்கு கூகுள் மீட்ல Settings உள்ள Video-ன்னு போனா, நாம அனுப்பற வீடியோவுக்கு `Send resolution`, நமக்கு வர்ற வீடியோவுக்கு `Receive resolution`னு ரெண்டு தனித்தனியா இருக்கு. இந்த ரெண்டுக்கும் ரெண்டு பேரு வேணும், ஒன்னை ஒன்னுன்னு நெனைச்சுக்காத மாதிரி. கூடவே எல்லார் முகத்தையும் ஒரே திரையில காட்டற கேலரி வியூவுக்கும் ஒரு பேரு. என்ன வைக்கலாம்?

சுந்தரம், பெரியகுளம்

அம்மா ஜெயந்தி, ரெசல்யூஷனுக்கு பிரிதிறன்னு சொல் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அறிவியல் பாடத்துலயே படிச்சிருப்பீங்க. அப்போ அனுப்பு பிரிதிறன், பெறு பிரிதிறன், முடிஞ்சுது. கேலரின்னா காட்சிக்கூடம், அதனால காட்சிக்கூடப் பார்வை. நெட்டு ஒரே நேரத்துல எவ்வளவு தாங்கும்ங்கற பேண்ட்வித்துக்கு அலைவரிசைன்னே போடலாம். புதுசா உண்டாக்கறதுக்கு முன்னாடி இருக்கறத எடுத்துப் பழகணும்ங்கறது என் கருத்து.

லீலா, கூடலூர்

அக்கா எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம் கூட்டத்துல "கேலரியக் குறைச்சா டேட்டா மிச்சமாகும்"னு யாரோ சொன்னாங்க, நானும் போன்ல கேலரியத் திறந்து இருந்த போட்டோ வீடியோ எல்லாத்தையும் அழிச்சுட்டேன், என் தங்கச்சி கல்யாண போட்டோ கூட அதுல போயிருச்சு. அப்புறமும் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்குல கூட்டம் முடியறதுக்குள்ளயே பாதிக்கு மேல காலி. கேமரா மெகாபிக்சல் அதிகமா இருக்கறதாலயா? என் போன்ல 50 மெகாபிக்சல்.

ரஃபீக், குன்னூர்

லீலா, அழிச்ச போட்டோ சில போன்ல 30 நாள் வரைக்கும் ட்ராஷ்ல இருக்கும், மொதல்ல அதைப் பாருங்க, அப்புறம் இதைப் படிங்க. மெகாபிக்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, கூட்டத்துல அந்தக் கேமரா 720-க்கு மேல அனுப்பறதே அபூர்வம்.

ஆனா லீலா சொன்னதுலயே ஜெயந்தியோட கேள்விக்குப் பாதி பதில் இருக்கு. கேலரிங்கற வார்த்தை நம்ம ஊர்ல ஏற்கனவே போன்ல போட்டோ இருக்கற இடத்துக்குப் பேரு, அதனால தமிழெழுத்துல கேலரின்னு போட்டாலும் தப்பாப் போகும், காட்சிக்கூடம்னு போட்டா மியூசியம்னு நெனைப்பாங்க. திரையில என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. கட்டம் கட்டமா முகம் தெரியுது, அவ்வளவுதான். கோலம் போடறவங்க, கட்டம் போட்ட நோட்டுல கணக்கு எழுதறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. என் ஓட்டு "கட்டக் காட்சி"க்கு.

ஐயா, பேண்ட்வித்துக்கு அலைவரிசை சரிப்படாதுங்க. அது ரேடியோ ஸ்டேஷன் நிக்கற இடத்துக்குச் சொல்ற வார்த்தை, அலைக்கற்றைன்னா ஏலம் விடறது, பத்திரிகைல 2ஜி அலைக்கற்றைன்னு வந்து எல்லார் மனசுலயும் அதுதான் நிக்குது. இந்தக் குறிப்புக்கு அந்தச் சொல்லே வேண்டாம், "நெட்டு செலவு"ன்னே எழுதலாம், எல்லாருக்கும் புரியும்.

ரெண்டு திசைங்கறதுக்கு நம்ம மலையிலயே உதாரணம் இருக்கு. கோடை சீசன்ல மேல ஏர்ற வண்டி குன்னூர் வழி, கீழ எறங்கற வண்டி கோத்தகிரி வழின்னு பிரிச்சு விடுவாங்கல்ல, கோத்தகிரி ரோட்டுல நெரிசலுன்னா குன்னூர் ரோட்டைச் சரிபண்ணி என்ன புண்ணியம். அனுப்பறது ஒரு ரோடு, வர்றது ஒரு ரோடு.

பிரகாஷ், ஊட்டி

இவ்வளவு எதுக்குங்க, ரெண்டு வரியில சொல்லிரலாம். ஒன்னு, Hide self view போடுங்க, நம்ம முகம் தெரியாததால நெட்டு மிச்சம். ரெண்டு, கட்டக் காட்சிய விட்டுட்டு பேசறவரு மட்டும் பெருசாத் தெரியற ஸ்பீக்கர் வியூவுக்கு மாறுங்க, ஒரு முகம்தான வருது, அதனால எப்பவுமே கம்மி. ஜூம் அவங்களே போட்டிருக்கற கணக்குல 25 முகத்துக்கு 2 எம்பிபிஎஸ், 49 முகத்துக்கு 4 எம்பிபிஎஸ் வேணும்.

ரஃபீக், குன்னூர்

தம்பி, ஜூம் கணக்கு சரி, அதுல எத்தன கட்டம்ங்கறதை 25-ல இருந்து 9-க்கு எறக்குனா உண்மையிலயே கொறையும். ஆனா மொதல் வரி தப்பு. நம்ம முகம் நம்ம திரையில தெரியறது கேமரால இருந்து நேரா வர்ற படம், நெட்டு வழியா போய்ட்டு வர்றது இல்ல. மறைச்சாலும் அது மத்தவங்களுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும், ஒரு பைட் கூட மிச்சமாகாது.

ரெண்டாவது வரி பாதி சரி, அந்தப் பாதிதான் முக்கியம், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். நம்ம சனிக்கிழமை கூட்டம் ஜிட்சிங்கற வீடியோ கூட்ட மென்பொருள்ல நடக்குது, சர்வர் என் வீட்லதான் ஓடுது. ஜிட்சில ஒருத்தர் கேமரா ஆன் பண்ணுனா ஒரே படத்தை மூணு அடுக்கா அனுப்புது: 180 புள்ளி உயரம், 360, 720. சர்வர் அதை மாத்தறதில்ல, யாரு எவ்வளவு பெருசாப் பாக்கறாங்களோ அந்த அடுக்கை மட்டும் எடுத்து அவங்களுக்குக் குடுக்குது. வீடியோவச் சுருக்கற விபி8 கோடெக்குக்கு சர்வரோட config.js ஃபைல்ல இருக்கற உச்சவரம்பு கீழ் அடுக்குக்கு 200 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 200 கிலோபிட், நடு அடுக்குக்கு 500, மேல் அடுக்குக்கு 1500.

இப்போ கணக்குப் போடுங்க. பேசறவரு ஒருத்தரைப் பெருசா வெச்சுப் பாத்தா 1500, அதாவது மணிக்கு 675 எம்பி வரைக்கும், ஓரத்துல இருக்கற சின்ன முகங்க அதுக்கு மேல. நாலு பேரை மட்டும் சின்னக் கட்டத்துல பாத்தா நாலு 200, 800 தான், மணிக்கு 360 எம்பி. ஆக ஒரு முகம்ங்கறது நாலு முகத்தை விட அதிகமாச் செலவாகலாம். எட்டு முகம் ஆனா 1600, அப்பத்தான் பிரகாஷ் சொல்றது நெருங்கி வருது, பன்னெண்டு முகம்னா 2400, அங்க அவரு சொல்றது சரி. இது எல்லாம் உச்சவரம்புதான், ஆடாம உக்காந்திருக்கற முகத்துக்கு இதை விடக் கம்மியாத்தான் வரும்.

இன்னொன்னு நான் நேர்ல பாத்தது. என் தம்பி பெரிய மானிட்டர்ல நாலு கட்டம் வெச்சிருந்தான், ஒவ்வொரு கட்டமும் 400 புள்ளிக்கு மேல உயரம். கட்டம் 360-ஐத் தாண்டுனதும் நடு அடுக்கு வர ஆரம்பிச்சிருச்சு, நாலு 500, 2000. பிரவுசர் ஜன்னலைப் பாதியா இழுத்துச் சுருக்குனான், கொஞ்ச நேரத்துலயே எறங்கி வந்துச்சு. முகத்து மேல இருக்கற சிக்னல் கோட்டுல கர்சர வெச்சா Bitrate, Resolution எல்லாம் தெரியும், அதுலதான் பாத்தோம்.

கட்டத்தோட எண்ணிக்கைய நீங்களே கட்டுப்படுத்தணும்னா கூட்டத்தோட லிங்க் கடைசியில இதைச் சேருங்க:

```
https://<server>/<room>#config.channelLastN=4
```

கடைசியாப் பேசுன நாலு பேரோட வீடியோ மட்டும்தான் வரும், மத்தவங்க பேரு, எழுத்து மட்டும் தெரியும். உங்களுக்கு வர்றதை மட்டும்தான் இது கொறைக்கும்.

ஜெயந்தி, கோத்தகிரி

ரஃபீக் அண்ணா, அப்போ என் கதைக்கு இதுல விளக்கம் கெடைக்குமா பாருங்க. நான் தலைமை தாங்கற வாரத்துல மட்டும் என் குரலு அறுந்து அறுந்து போகுதுன்னு சொல்றாங்க. மத்த வாரம் அதே வீடு, அதே போன் ஹாட்ஸ்பாட், ஒரு பிரச்சனையும் இல்ல. எங்க வீட்ல அனுப்பற வேகம் அளந்து பாத்தா 900 கேபிபிஎஸ் சுத்தித்தான் நிக்குது.

ரஃபீக், குன்னூர்

கெடைக்கும். இதைக் கேட்டதுக்கு நன்றி, ஏன்னா இதுலதான் நீங்க வைக்கப்போற பேரே கொஞ்சம் ஆட்டம் காணுது. சும்மா உக்காந்திருக்கற வாரத்துல எல்லாரும் உங்களைச் சின்னக் கட்டத்துலதான் பாக்கறாங்க, மேல் அடுக்கு யாருக்கும் வேண்டாம்னா ஜிட்சி அதை அனுப்பறதையே நிறுத்திரும். தலைமை தாங்கற வாரத்துல யாராவது ஒருத்தர் உங்க முகம் பெருசாவே நிக்கற மாதிரி பின் பண்ணுனாலோ, பேசறவரைப் பெருசாப் பாத்தாலோ, 720 அடுக்கு ஓடத் தொடங்கும். மூணு அடுக்கும் சேந்தா 2200 வரைக்கும் கேக்கும், 900-தான் இருக்கு. மென்பொருள் தானாக் கொறைச்சுக்கும்தான், ஆனா அது கொறைக்கற நேரத்துக்குள்ள குரலும் அடி வாங்கும். அதாவது அனுப்பற செலவு உங்க கையில மட்டும் இல்ல, பாக்கறவங்க கையிலயும் இருக்கு.

இந்த சனிக்கிழமை உங்க முகத்து மேல இருக்கற அந்த சிக்னல் கோட்டுலயே கர்சர வெச்சுப் பாருங்க, மேல் நோக்குன அம்புக்குறி பக்கத்துல இருக்கற எண்ணு நீங்க பேச ஆரம்பிச்சதும் ஏறுதான்னு. ஏறுனா உங்க கேமராவ 360-க்கு எறக்கி வெச்சுருங்க, அதுக்கு மேல யாரு கேட்டாலும் போகாது.

சுந்தரம், பெரியகுளம்

ரஃபீக் சொன்னதைப் படிச்சப்புறம் அலைவரிசைய நான் திரும்ப எடுத்துக்கறேன். கட்டக் காட்சியும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிதிறனை விட மாட்டேன். தெளிவுன்னு சிலர் எழுதறாங்க, தெளிவு வேற, லென்ஸ் அழுக்கா இருந்தா 720-லயும் தெளிவு இருக்காது. எத்தன புள்ளியாப் பிரிச்சுக் காட்டுதுங்கறதுதான் விஷயம், அதைச் சொல்ற சொல் பிரிதிறன். அந்த மூணு அடுக்கா அனுப்பற முறைக்கு மூவடுக்கு அனுப்பல்னு வைக்கலாம்.

ரஃபீக், குன்னூர்

எல்லா மென்பொருளும் மூணு அடுக்கு வெக்கறதில்லைங்க ஐயா, அதனால அடுக்கனுப்பல்னு மட்டும் இருக்கட்டுமே.

லீலா, கூடலூர்

போட்டோ ட்ராஷ்ல இருந்துச்சுண்ணா, கல்யாண போட்டோ கெடைச்சிருச்சு! நேத்து கூட்டத்துல பக்கவாட்டுல தள்ளிப் பாத்தேன், எட்டுக் கட்டம் தெரிஞ்சுது, லிங்க்ல நாலு போட்டப்புறம் டேட்டா கொறைவாத்தான் போச்சு. ஆனா பிரிதிறன்னு எழுதுனா எங்க குழுவுல அக்காங்களுக்குப் புரியாது. நாங்க "படத்தோட அளவு"ன்னுதான் சொல்லுவோம்.

ஜெயந்தி, கோத்தகிரி

இதுவரைக்கும் குறிப்புல நான் எழுதி வெச்சிருக்கறது இது:

"நீங்கள் அனுப்பும் பட அளவு: உங்க குரல் மத்தவங்களுக்கு அறுந்து போனா இதைக் குறைங்க. மீட்ல `Send resolution`, அதுல Standard definition.
நீங்கள் பெறும் பட அளவு: மத்தவங்க முகம் உங்களுக்கு நின்னு போனா இதைக் குறைங்க. `Receive resolution`, ரொம்பக் கஷ்டம்னா Audio only.
கட்டக் காட்சி: எத்தன முகம் பாக்கறீங்கங்கறது. பேசற ஒருத்தரைப் பெருசா வெச்சுக்காதீங்க, நாலு சின்னக் கட்டம் போதும்."

சுந்தரம் ஐயாவோட பிரிதிறனைப் பக்கத்தோட அடியில சின்னதாச் சேக்கறேன், லீலா சொன்ன பட அளவை மேல வெக்கறேன், ஐயா கோவிச்சுக்கக் கூடாது. பட அளவுன்னா ஃபைல் சைஸ்னு நெனைக்கறவங்களும் இருப்பாங்க, அது எனக்கே உறுத்துது, நல்ல சொல்லு தோணுனா யாராவது எழுதுங்க. பின் பண்றதுக்கு இன்னும் பேரு இல்ல, "முன்ன வெக்கறது"ன்னு என் அம்மா சொல்றாங்க. சனிக்கிழமை நான்தான் தலைமை, அந்த அம்புக்குறி பக்கத்துல எண்ணு எவ்வளவுக்குப் போகுதுன்னு ஞாயித்துக்கிழமை எழுதறேன்.